டெட் லெட்டரில் கிடப்பதை அப்படியே திருப்பி அனுப்பாதீர்கள்

இரண்டு மென்பொருள்களுக்கு இடையிலான டேட்டா சிங்க் அடிக்கடி விழுகிறது என்றால் உடனே "ரீட்ரை போடு" என்கிறார்கள். சரி, போடலாம். ரீட்ரையும் தோற்றபின் அந்தத் தகவல் எங்கே போகிறது, யார் அதை எப்படித் திருப்பி அனுப்புகிறார்கள் என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை.

கடையின் பில்லிங் மென்பொருளிலிருந்து அதன் இணையதளத்துக்கு ஸ்டாக் எண்ணிக்கை போகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிர்முனை சர்வர் 503 என்றாலோ டைம்அவுட் ஆனாலோ மறுபடி முயல்வதில் அர்த்தம் உண்டு. பொருளின் கோடே தப்பு என்று 400 வந்தால் நூறு முறை அனுப்பினாலும் 400தான். அதை நேராக டெட் லெட்டரில், அதாவது போய்ச் சேராத தகவல்களை ஒதுக்கிவைக்கும் க்யூவில், போட்டுவிடலாம். 429 வந்தால் `Retry-After` சொல்லும் நேரம்வரை காத்திருப்பதே மரியாதை. மற்றவற்றுக்கு இந்த ஒரு வரி போதும்:

```python
time.sleep(random.uniform(0, min(60, 2 ** n)))
```

முயற்சி எண்ணான `n` 0 முதல் 4 வரை போனால் ஐந்து காத்திருப்பும் சேர்ந்து அதிகபட்சம் 31 விநாடி. அந்த `random` இல்லாவிட்டால், ஒன்றாக விழுந்த ஆயிரம் கோரிக்கைகளும் ஒன்றாகவே எழுந்துவந்து, அப்போதுதான் மூச்சு விட ஆரம்பித்த சர்வரை மறுபடி சாய்த்துவிடும்.

இனி டெட் லெட்டர். காலை 10 மணிக்கு "சட்டை, ஸ்டாக் 12" என்ற தகவல் ஐந்து முறையும் தோற்று அங்கே போகிறது. 10:20க்குள் ஒன்பது சட்டை விற்று, "ஸ்டாக் 3" ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது. மாலையில் ஒருவர் டெட் லெட்டரைப் பார்த்து, நல்ல எண்ணத்தில் எல்லாவற்றையும் ரீப்ளே செய்கிறார். இணையதளம் மறுபடி 12 காட்டுகிறது, இல்லாத சட்டைக்கு ஆர்டர் விழுகிறது. எரர் லாக்கில் இதற்கு ஒரு தடயமும் இருக்காது, ஏனென்றால் அனுப்பியது எல்லாமே 200!

அதனால் ஸ்டாக் மாதிரியான விஷயத்தில் ரீப்ளே என்றால், டெட் லெட்டரிலிருந்து பொருளின் ஐடியை மட்டும் எடுத்து, இப்போதைய எண்ணிக்கையைப் புதிதாகப் படித்து அனுப்ப வேண்டும். பணம் வரவு வைப்பது வேறு கதை. அதில் பழசு என்று எதையும் தள்ள முடியாது. டைம்அவுட் ஆனது உண்மையில் எதிர்முனையில் பதிவாகியிருக்கவும் கூடும். அங்கே முதல் முயற்சியில் கொடுத்த அதே ஐடெம்பொட்டன்சி கீ, அதாவது இது அதே கோரிக்கைதான் என்று காட்டும் அடையாளம், ரீப்ளேயிலும் போனால்தான், எதிர்முனை அதைப் பார்த்து இரண்டாவது வரவைத் தவிர்க்கும். ஆகவே டெட் லெட்டரில் அந்தக் கீயும், கடைசியாக வந்த எரரும், முதலில் தோற்ற நேரமும் இருந்தே ஆக வேண்டும்.

அலாரத்தை எண்ணிக்கைக்கு வைப்பதைவிட, கிடப்பதில் மிகப் பழையதன் வயதுக்கு வையுங்கள் என்பேன். ஒரே ஒரு தகவல் மூன்று நாளாகக் கிடந்தால் எண்ணிக்கை அதைக் காட்டிக்கொடுக்காது. அப்புறம், அமேசான் SQS சாதாரண க்யூவில் தகவலை அழிக்கும் கெடு முதலில் அனுப்பிய நேரத்திலிருந்தே ஓடுகிறது. மெயின் க்யூவில் ஒரு நாள் கழிந்திருந்தால், 4 நாள் வைத்த டெட் லெட்டர் க்யூவில் அது 3 நாள்தான் இருக்கும். அங்கே உச்சவரம்பான 14 நாளை வைத்துவிடுங்கள்.