டிஷாட்டுக்குக் கேலிபிரேஷன் எதற்கு? திசையைப் பாருங்கள்

"இஎஸ்சி மாத்தியாச்சா தம்பி? உடனே கேலிபிரேட் பண்ணிடு." மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சியைப் பற்றி, நான்கு மோட்டார் ட்ரோனான குவாட் கட்டும் சிங்கப்பூர் நம்மவர்களிடம் இன்னும் இந்தப் பேச்சு ஓடுகிறது. டிஷாட் என்ற டிஜிட்டல் நெறிமுறையில் ஓடும் குவாட்டுக்கு இது வீண் வேலை. நிஜமாகவே பார்க்க வேண்டியது மோட்டார் சுழலும் திசை.

பழைய பிடபிள்யூஎம்மில் த்ராட்டில் என்பது துடிப்பின் நீளம்: 1000 மைக்ரோ விநாடி என்றால் நிறுத்தம், 2000 என்றால் முழு வேகம். அந்த நீளத்தை இஎஸ்சி தன் சொந்தக் கடிகாரத்தால் அளக்கிறது. கடிகாரம் ஒரு சதவீதம் பிசகினால் 2000 என்பது 20 மைக்ரோ விநாடி தள்ளித் தெரியும். மொத்த வீச்சே 1000தான், ஆக பிழை இரண்டு சதவீதம். நான்கு இஎஸ்சியும் நான்கு விதமாகப் பிசகும், ஒரு மோட்டார் முந்திச் சுழலத் தொடங்கும். அதனால்தான் கேலிபிரேஷன் தேவைப்பட்டது. புரொப்பெல்லரைக் கழற்றி, ஸ்லைடரை உச்சத்தில் வைத்து, பிறகு பாட்டரியைச் செருகி, பீப் கேட்டதும் அடிமட்டத்துக்கு இறக்க வேண்டும். வரிசை மாறி, பாட்டரி ஏற்கெனவே செருகியிருக்கும்போது ஸ்லைடரை ஏற்றினால் மோட்டார் நேராக முழு வேகத்துக்குப் போகும்.

டிஷாட்டில் போவது எண். 16 பிட்டில் 11 பிட் த்ராட்டிலுக்கு, ஒன்று டெலிமெட்ரி கேட்க, நான்கு பிழை சரிபார்க்க. 1 என்ற பிட்டின் துடிப்பு 0 பிட்டைப் போல இரண்டு மடங்கு நீளம். கடிகாரம் ஒரு சதவீதம் தவறினாலும் இரண்டும் குழம்பாது. 48 முதல் 2047 வரை த்ராட்டில், அதை எல்லா இஎஸ்சியும் ஒரே மாதிரி படிக்கும். அளவு கற்றுக்கொடுக்க எதுவும் இல்லை. அப்படியானால் கேலிபிரேட் செய்தபோது கேட்ட பீப்? ஸ்லைடர் பூஜ்யத்துக்கு வந்ததும் இஎஸ்சி ஆர்ம் ஆன சத்தம் அது. தொடக்கத்தில் மோட்டார் திக்கினால் கேலிபிரேஷனைத் தேடாதீர்கள், ஃப்ளைட் கன்ட்ரோலரில் ஓடும் மென்பொருளான பீட்டாஃப்ளைட் 4.5இல் `dshot_idle_value` எவ்வளவு என்று பாருங்கள். இயல்பாக அது 550, அதாவது 5.5 சதவீதம்.

இப்போது திசை. பிடபிள்யூஎம் காலத்தில் மோட்டாரின் மூன்று கம்பிகளில் ஏதாவது இரண்டை மாற்றிச் சால்டர் செய்தோம். டிஷாட்டில் 1 முதல் 47 வரையுள்ள எண்கள் கட்டளைகள், திசையை அவற்றாலேயே மாற்றலாம். ஆகவே நான்கு மோட்டாரையும் ஒரே கம்பி வரிசையில் நேராகச் சால்டர் செய்துவிட்டு மென்பொருளில் திருப்புவதே நல்லது என்பேன். பேடைத் திரும்பத் திரும்பச் சூடாக்கினால் அது பெயர்ந்து வந்துவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இப்படிச் சேமித்த திசை இஎஸ்சிக்குள் இருக்கிறது, ஃப்ளைட் கன்ட்ரோலரில் இல்லை. இஎஸ்சி போர்டு எரிந்து, நான்கு இஎஸ்சியும் ஒன்றாக உள்ள புது ஃபோர்-இன்-ஒன் போட்டால், `diff all` கொடுத்து முன்பு சேமித்த அமைப்புக் கோப்பை ஏற்றினாலும் திசை திரும்பி வராது. நான்கும் ஒரே பக்கம் சுழலும், டேக் ஆஃப் ஆகும் கணமே குவாட் கவிழும்.

ஐந்து அங்குலக் குவாட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பீட்டாஃப்ளைட்டின் இயல்பான அமைப்பில் 1 (பின் வலது), 4 (முன் இடது) கடிகாரத் திசையில், 2 (முன் வலது), 3 (பின் இடது) எதிர்த் திசையில் சுழல வேண்டும். புது போர்டில் நான்கும் கடிகாரத் திசையில் சுழல்கின்றன என்றால் 2, 3 இரண்டையும் திருப்ப வேண்டும். புரொப்பெல்லர் இல்லாமல், பாட்டரி செருகி, மோட்டார் நின்றிருக்கும்போது பீட்டாஃப்ளைட்டில் கட்டளை தட்டும் இடமான சிஎல்ஐயில்:

```
dshotprog 1 8 12
dshotprog 2 8 12
```

எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால் 2ஆம் மோட்டார் இங்கே 1. 8 என்பது எதிர்த்திசை (இயல்புத் திசைக்கு 7), 12 என்பது சேமிப்பு. பலர் 21ஐக் கொடுத்து ஏமாறுகிறார்கள். அது கவிழ்ந்த குவாட்டை நிமிர்த்தும் டர்ட்டில் மோடுக்கான தற்காலிகத் திருப்பம். சிஎல்ஐ வேண்டாம் என்றால் 4.3இலிருந்து மோட்டார் டேபிலேயே திசை மாற்றும் விஸார்ட் இருக்கிறது.

சரிபார்க்கக் கைத்தொலைபேசிக் கேமராவை நம்பாதீர்கள், மோட்டாரின் மணி எனப்படும் சுழலும் வெளிக்கூடு அதில் பின்னோக்கிச் சுழல்வதுபோல் தெரியும். வீவக வீட்டு மேசையிலேயே சோதிக்கலாம்: குறைந்த வேகத்தில் ஓடவிட்டு ஒரு துண்டுக் காகிதத்தை மணியின் விளிம்பில் லேசாகத் தொடுங்கள். அது எந்தப் பக்கம் தள்ளப்படுகிறதோ அதுதான் திசை.

கவிழாமல் மேலே எழும்பி, பம்பரமாகச் சுற்றி வேகம் கூடிக்கொண்டே போனால் அது வேறு கோளாறு. மோட்டாரும் புரொப்பெல்லரும் நான்குமே எதிர்த் திசைக்கு மாறியிருக்கின்றன, ஆனால் கன்ட்ரோலருக்கு அது தெரியாது. குவாட் இடவலமாகத் திரும்புவதைச் சரிசெய்யும் யா திருத்தம் தலைகீழாகப் போகிறது. அதற்கு இஎஸ்சியைத் தொட வேண்டாம், `set yaw_motors_reversed = ON` கொடுத்து `save` போட்டால் போதும்.