காயலான் கடையில் தராசு ஒன்று, பெயர் மூன்று

"இந்தியாவில் வரி கட்டுவது மாசச் சம்பளக்காரன் மட்டும்தான், கடைக்காரன் எல்லாம் ஏமாத்துறான்" என்று பட்ஜெட் நேரத்தில் ஒரு மீம் சுற்றும். என் உறவுக்காரர்களே அனுப்புவார்கள். கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். அதனால் எரிச்சலும் வரும், சிரிப்பும் வரும். ஏமாற்றுகிறவர்கள் இல்லை என்று சொல்ல வரவில்லை. ஏமாற்று எந்த இடத்தில் நடக்கிறது என்பது அந்த மீம் போடுகிறவருக்குத் தெரியவில்லை.

முதலில் வருமான வரி. ஒரு சின்னக் கடை வருஷத்துக்கு 1.5 கோடிக்கு ரொக்கமாகவே வியாபாரம் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் புத்தகம் வைக்காமல், விற்பனையில் 8 சதவீதத்தை லாபமாகக் காட்ட சட்டமே அனுமதிக்கிறது. அது 12 லட்சம். 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு, புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை. ஆக நேர்மையாகக் காட்டினாலும் அவர் கட்ட வேண்டியது பூஜ்யம். இந்தியாவில் வேலை செய்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் முறைசாரா வேலையில் இருப்பவர்கள். அவர்களை எல்லாம் பிடித்து உள்ளே போட்டால் வருமான வரி கொட்டும் என்பது கனவு. அவர்களில் பெரும்பாலோரிடம் வரி போடும் அளவுக்கு வருமானம் இல்லை.

அப்படியானால் பணம் எங்கே ஒழுகுகிறது? எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு தொழிலை வைத்தே சொல்கிறேன். பழைய இரும்பு.

தெருவில் தள்ளுவண்டியில் வருபவர் இரும்பு, தகரம் வாங்கிக்கொண்டு போய் காயலான் கடையில் போடுகிறார். காயலான் கடைக்காரர் சேர்த்துவைத்து குடோனுக்குக் கொடுக்கிறார். குடோன்காரர் தரம் பிரித்து, லோடு கட்டி, உருக்காலைக்கு அனுப்புகிறார். அங்கே உருகி, கட்டடக் கம்பியாக வெளியே வருகிறது. இந்தச் சங்கிலியின் தலைப்பக்கம் முழுக்க ரொக்கம், பில் கிடையாது. வால்பக்கம் முழுக்க ஜிஎஸ்டி. பில் இல்லாமல் லாரி கேட்டைத் தாண்டாது. இரண்டும் சந்திக்கும் இடம் குடோன். கோளாறு எல்லாம் அங்கேதான்.

முதலில் 2024 அக்டோபருக்கு முந்தைய நிலைமை. கணக்குக்காக ஒரு விலை வைத்துக்கொள்வோம். காயலான் கடையிலிருந்து கிலோ 28 ரூபாய்க்குப் பத்து டன் வாங்குகிறார் குடோன்காரர். 2,80,000 ரூபாய் ரொக்கம். ஆலைக்கு 33 ரூபாய்க்கு விற்கிறார். 3,30,000. இரும்புக் கழிவுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அது 59,400 ரூபாய். ஆலை அதையும் சேர்த்தே கொடுத்துவிடும், ஏனென்றால் அந்தத் தொகையைத் தன் வரியில் கழித்துக்கொள்ள முடியும். குடோன்காரர் 59,400-ஐயும் அப்படியே அரசுக்குக் கட்ட வேண்டும். வாங்கும்போது அவர் வரி எதுவும் கொடுக்கவில்லை, அதனால் கழிக்க ஒன்றும் இல்லை. கையில் நிற்பது 50,000 ரூபாய். வண்டி வாடகை, ஆள் கூலி, குடோன் வாடகை எல்லாம் அதில்தான். நேர்மையானவர் கதை இது.

பக்கத்து குடோன்காரர் வேறு மாதிரி. இரும்பை அதே ரொக்கத்துக்குத்தான் வாங்குகிறார். கூடவே "பில் பார்ட்டி" ஒருவரிடமிருந்து வெறும் காகிதம் வாங்குகிறார். அதில் பத்து டன் இரும்பு, மதிப்பு 3,20,000, வரி 57,600 என்று இருக்கும். இரும்பு எதுவும் வந்திருக்காது. 59,400-இல் 57,600-ஐக் கழித்து, 1,800 ரூபாய் மட்டும் கட்டிவிட்டு எழுந்துவிடுவார். காகிதம் கொடுத்தவருக்கு ஒரு கமிஷன் போக மீதி எல்லாம் இவருக்கு. அடுத்த நாள் காலையில் இவர் காயலான் கடைக்குப் போய், "கிலோவுக்கு ரெண்டு ரூபா சேர்த்துத் தர்றேன், எனக்கே போடு" என்பார். நேர்மையானவரின் குடோனுக்கு வண்டி வராது. ஒன்று கடையைச் சாத்த வேண்டும், இல்லை அவரும் பில் பார்ட்டியைத் தேட வேண்டும். பேராசைக்காரன் மட்டும்தான் வரி ஏய்ப்பான் என்பது பாதி உண்மை. பக்கத்துக் கடைக்காரன் ஏய்த்தால் இவனுக்கு வேறு வழி இருக்காது என்பது மீதிப் பாதி.

பில் பார்ட்டியின் கம்பெனி யார் பெயரில் இருக்கும்? கடன் வாங்கித் தருகிறேன், உதவித்தொகை வாங்கித் தருகிறேன் என்று சொல்லி ஆதார், பான் நகலை வாங்கிப்போன ஒரு கூலிக்காரர் பெயரில். குடிசை வீட்டுக்குக் கோடிக்கணக்கில் ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்தது என்று அடிக்கடி செய்தி படிக்கிறோமே, அந்தக் கதைகளில் பலவற்றின் பின்பக்கம் இதுதான். அதிகாரிகள் போகும்போது அங்கே இரும்பும் இருக்காது, தராசும் இருக்காது. பிறகு சங்கிலியில் அடுத்து நிற்பவரைப் பிடிப்பார்கள். விற்றவர் வரியைக் கட்டவில்லை என்றால் வாங்கியவருக்கு வரிக் கழிவு கிடையாது என்று சட்டம் சொல்கிறது. உண்மையாகவே இரும்பு வாங்கி, வரியும் சேர்த்துப் பணம் கொடுத்த ஆலைக்காரர் இரண்டாம் முறை கட்டுவார்.

இதற்கு அரசு என்ன செய்தது என்பதுதான் நான் சொல்ல வந்தது. 10 அக்டோபர் 2024 முதல் ஒரு மாற்றம். ஜிஎஸ்டி பதிவு இல்லாதவரிடமிருந்து உலோகக் கழிவு வாங்கினால், அந்த 18 சதவீதத்தை வாங்குகிற பதிவுபெற்ற வியாபாரியே கட்ட வேண்டும். தலைகீழ் வரி என்போம். அதே கணக்கைத் திரும்பப் போடுங்கள். குடோன்காரர் 2,80,000-க்கு 50,400 ரூபாயைத் தானே பணமாகக் கட்டுகிறார். அது அப்படியே அவருக்கு வரிக் கழிவாகக் கிடைக்கிறது. விற்கும்போது 59,400. கழித்தால் 9,000. இரண்டையும் கூட்டினால் அரசுக்குப் போவது பழைய 59,400-தான். ஒரு பைசா கூடவில்லை. ஆனால் இப்போது அவர் கையில் உண்மையான வரிக் கழிவு இருக்கிறது. முன்பு "வாங்கினதுக்கு பில் எங்கே?" என்று அதிகாரி கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. அந்த ஓட்டையைத்தான் போலி பில் அடைத்துக்கொண்டிருந்தது. இப்போது அந்த இடத்தில் அவர் தானே போட்டுக்கொண்ட பில்லும், வரி கட்டிய ரசீதும் இருக்கின்றன.

தள்ளுவண்டிக்காரரிடம் யாரும் போகவில்லை. காயலான் கடைக்காரருக்கு நோட்டீஸ் இல்லை. நூறு வாய்க்கால் வந்து சேரும் மடையில் மட்டும் ஒரு ஆளை நிறுத்தினார்கள். கூடவே, பதிவுபெற்ற ஒருவரிடமிருந்து இன்னொருவர் உலோகக் கழிவு வாங்கினால், ஒப்பந்த மதிப்பு 2.5 லட்சத்தைத் தாண்டும்போது வாங்குகிறவர் 2 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும் என்றும் வைத்தார்கள். நம் கணக்கில் 6,600 ரூபாய். தொகை பெரிதில்லை. நாளைக்கு விற்றவர் காணாமல் போனாலும் அவர் இருந்ததற்கு ஒரு தடயம் மிஞ்சும்.

இதே மருந்தை ஜூலை 2017-இல் எல்லாருக்கும் கொடுத்துப் பார்த்தார்கள் என்பது பலருக்கு மறந்திருக்கும். பதிவு இல்லாத யாரிடம் எது வாங்கினாலும், ஒரு நாளைக்கு 5,000 ரூபாயைத் தாண்டினால் தலைகீழ் வரி. ஆபீசுக்கு வந்த டீ, பிரிண்ட் எடுத்த கடை, பிளம்பர் என்று எல்லாத் துண்டுச்சீட்டையும் கூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த மாதங்கள் என் கண்ணைவிட்டு இன்னும் போகவில்லை. பெரிய வியாபாரிகள் சுலபமான வழி கண்டுபிடித்தார்கள்: பதிவு இல்லாதவனிடம் வாங்காதே. சின்னவர்கள் வியாபாரம் படுத்தது. அக்டோபர் 13 அன்று நிறுத்திவைத்தார்கள். எல்லாருக்கும் போட்டபோது செத்த யோசனை, ஒரே ஒரு பொருளுக்குப் போட்டபோது பிழைத்திருக்கிறது. இரும்புக் கழிவு வந்து சேரும் வாசல்கள் குறைவு. டீ குடிக்கும் வாசல்கள் எண்ண முடியாதவை.

இதற்கு நேர் எதிரான வழியைக் கர்நாடகத்தில் ஜூலை 2025-இல் பார்த்தோம். யுபிஐயில் வந்த பணத்தை எடுத்து, நாலு வருஷக் கணக்கைக் கூட்டி, பேக்கரி, டீக்கடை, காய்கறிக் கடை என்று ஆயிரக்கணக்கானவர்களுக்கு நோட்டீஸ். ஹாவேரியில் ஒரு காய்கறிக் கடைக்காரருக்கு 29 லட்சம். பச்சைக் காய்கறிக்கு வரியே கிடையாது! யுபிஐயில் வருவது எல்லாம் விற்பனை என்று யார் சொன்னது? கைமாற்று, சீட்டுப் பணம், மச்சான் அனுப்பியது எல்லாம் அதே நம்பருக்குத்தானே வரும். பெங்களூரு கடைகளில் க்யூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு "ரொக்கம் மட்டும்" என்று எழுதி ஒட்டினார்கள். கடைசியில் முதலமைச்சரே கூட்டம் போட்டு, பதிவு செய்துகொண்டால் பழைய பாக்கி வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. பத்து வருஷமாகப் பாடுபட்டு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர்களை ஒரே மாதத்தில் இருட்டுக்கு அனுப்பிய வேலை அது. துறையில் இருக்கும் நண்பர்கள் கோபித்துக்கொண்டாலும் என் கருத்து இதுதான்.

அதற்காக இரும்பு வழி ஓட்டையே இல்லாதது என்று சொல்ல மாட்டேன். காயலான் கடையின் வருஷ விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால் அவரும் பதிவு செய்தாக வேண்டும். 28 ரூபாய்க் கணக்கில் அது ஒரு நாளைக்கு 390 கிலோ. நடுத்தரமான எந்தக் காயலான் கடையும் மத்தியானத்துக்குள் அதைத் தொட்டுவிடும். பிறகு என்ன, மனைவி பெயரில் ஒன்று, தம்பி பெயரில் ஒன்று. வாசலில் மூன்று பலகை, உள்ளே ஒரே தராசு. லோடும் அப்படித்தான். தமிழ்நாட்டுக்குள் வரியோடு சேர்த்து ஒரு லட்சம் வரை, சரக்கு ஏற்றிப்போக ஆன்லைனில் எடுக்கும் இ-வே பில் தேவையில்லை. 33 ரூபாய் இரும்பில் இரண்டரை டன் போட்டால் வரியோடு 97,350. ஒரு 407 வண்டியின் அளவு. பத்து டன்னை ஒரே லாரியில் ஏற்றாமல் நாலு வண்டியில் அனுப்புகிறார்களா என்று பாருங்கள், புரிந்துவிடும்.

போன மாதம் எனக்கு வேண்டிய ஒரு குடோனில் உட்கார்ந்து கொள்முதல் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்பு அதில் "மீசை", "மஞ்ச வண்டி", "பாய் கடை" என்றுதான் எழுதியிருப்பார். இப்போது விற்றவர் பெயர், ஊர், எடை, தொகை எல்லாம் வரிசையாக இருக்கிறது. தானே போடும் பில்லுக்கு அது வேண்டும். ஒரு பக்கத்தில் மூன்று வெவ்வேறு பெயர்கள், மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே எடை, எதிரே ஒரே கையெழுத்து.

"அண்ணே, இது மூணும் ஒரே ஆளுங்களா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் கேட்டா அவன் கேக்காத குடோனுக்குப் போயிருவான் தம்பி. நீ எழுது சாமி, வரி நான்தானே கட்டறேன்."

மூன்று பெயரையும் ஏற்றினேன். வரி சரியாக வந்தது.