"முன்பணம் திருப்பித் தரப்படாது" என்று அச்சடித்துவிட்டால் போதுமா?

கும்பகோணத்தில் பதினான்கு ஆண்டுகளாகத் திருமணப் படம் எடுக்கிறேன். எங்கள் தொழிலில் பலரும் ரசீதின் அடியில் பொடி எழுத்தில் "முன்பணம் திருப்பித் தரப்படாது" என்று அச்சடித்து வைத்திருக்கிறார்கள். நானும் வைத்திருந்தேன். அந்த ஒரு வரி வாடிக்கையாளருக்கும் நியாயம் செய்வதில்லை, நமக்கும் உதவுவதில்லை என்பது என் அனுபவம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஆவணி வளர்பிறை முகூர்த்தம், ஞாயிற்றுக்கிழமை. பேசிய தொகை 60,000, முன்பணம் 10,000. திருமணத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கையில் பெண்ணின் தந்தை அழைத்தார். "சம்பந்தம் முறிந்துவிட்டது தம்பி, பணத்தைக் கொடுத்துவிடுங்கள்" என்றார். அந்தக் குரலைக் கேட்டுவிட்டு ரசீதின் கடைசி வரியைப் படித்துக் காட்ட எனக்கு வாய் வரவில்லை. கொடுத்துவிட்டேன்.

அன்றிரவுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆல்பம் அச்சிடவில்லை, அதில் 14,000 மிச்சம். இரண்டு உதவியாளர்களுக்கும் சேர்த்து 12,000 பேசியிருந்தேன். அதில் கொடுத்த 3,000 போக 9,000 மிச்சம். கார், சாப்பாடு 2,000. ஆக 25,000 செலவாகவில்லை, 35,000 போனது. அதே நாளுக்குக் கேட்டு வந்த இரண்டு குடும்பங்களை "தேதி இல்லை" என்று திருப்பி அனுப்பியிருந்தேன். அவர்கள் வேறு ஆள் பார்த்துவிட்டார்கள். நடுவில் ஆடி. ஆவணியில் திருமணம் வைத்தவர்கள் ஆடி பிறப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் பேசி முடித்திருப்பார்கள்.

நான் விற்பது படத்தை அல்ல, நாளை. கெட்டுப்போன நாளை இன்னொருவரிடம் விற்க முடியுமா என்பதைப் பொறுத்துத்தான் பிடித்தம் இருக்க வேண்டும். அதை முடிவுசெய்ய என் பழைய டைரிகளைப் புரட்டினேன். மண்டபம் பதிவானதும் எங்களைத் தேடி வருகிறார்கள். பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு முன்பே பேச்சு முடிந்துவிடுகிறது. திருமணத்துக்கு நாற்பத்தைந்து நாளுக்குள் வந்த புதுப் பதிவுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

என் விதி அதிலிருந்து வந்ததுதான். முன்பணம் மொத்தத்தில் கால் பங்கு. தொண்ணூறு நாளுக்கு முன் விலகினால் 2,000 மட்டும் பிடிப்பேன். தொண்ணூறுக்கும் நாற்பத்தைந்துக்கும் இடையில் பாதி. அதற்குப் பிறகு முழுவதும் எனக்கு. ஆனால் அதே நாளுக்கு அதே அளவு வேலை வேறொருவரிடமிருந்து கிடைத்துவிட்டால், 2,000 போக மீதியைத் திருப்பித் தந்துவிடுவேன். இந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டுச் சக கலைஞர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஒரே நாளை இரண்டு பேரிடம் விற்றுக் காசு பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74ஆம் பிரிவும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது: ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று தொகை எழுதியிருந்தாலும், அந்த வரம்புக்குள் நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும். தண்டனையாக எழுதிய தொகை அப்படியே கைக்கு வந்துவிடாது.

ரத்தைவிடத் தலைவலி ஒத்திவைப்பு. வீட்டில் துக்கம் நடந்தால் தேதி தள்ளித்தான் போகும். அங்கே கட்டணம் கேட்பவன் மனிதனே அல்ல. அதனால் நெருங்கிய உறவில் மரணம் என்றால் ஒரு முறை பிடித்தமின்றி மாற்றித் தருகிறேன். புதுத் தேதி ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும், அன்று நான் காலியாகவும் இருக்க வேண்டும். முதலில் "ஆறு மாதத்துக்குள்" என்று எழுதாமல் விட்டேன். ஒருவர் "தேதி பிறகு சொல்கிறோம்" என்று ஒன்றரை ஆண்டு இழுத்தார். அதற்குள் என் கட்டணம் உயர்ந்துவிட்டது. பழைய கட்டணத்துக்கே எடுத்துக் கொடுத்தேன்.

ஸ்டுடியோவில் குழந்தைகளைப் படம் எடுக்கும் வேலைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஒரு மணி நேரம் போனால் அடுத்த நாள் ஈடு செய்துகொள்ளலாம். காய்ச்சல் வந்த பிள்ளையைத் தூக்கிவரச் சொல்லவும் முடியாது. முதல் நாள் மாலை ஒரு முறை அழைத்து உறுதி செய்கிறேன். அப்படியும் சொல்லாமல் வராதவர்களிடம் மட்டும், அடுத்த முறை 500 ரூபாய் முன்கூட்டியே வாங்குகிறேன்.

இதையெல்லாம் பணம் வாங்குவதற்கு முன் வாட்ஸ்அப்பில் தமிழில் அனுப்பி, "சம்மதம்" என்று பதில் வந்த பிறகே தேதியை எழுதிக்கொள்கிறேன். பணத்தை வாங்கிய பின் விதியை நீட்டினால் எவருக்கும் கோபம் வரும்.

ஒரு மணப்பெண்ணின் அத்தை அதைப் படித்துவிட்டு, "நாங்கள் வராவிட்டால் என்ன என்று எழுதியிருக்கிறீர்கள், நீங்கள் வராவிட்டால்?" என்று கேட்டார். அதுவரை நான் அதை யோசித்ததே இல்லை. அன்றே ஒரு வரி சேர்த்தேன்: என்னால் வர முடியாமல் போனால் வாங்கிய பணம் முழுவதையும் திருப்பித் தருவேன், அதே தரத்தில் வேறு ஒருவரை நானே தேடி அனுப்புவேன், அவர் கூடுதலாகக் கேட்கும் தொகையும் என்னுடையது.