நட்டத்தை நிமிர்த்தி நிற்க வைத்த வரைபடம்

ஞாயிற்றுக்கிழமை நடந்த மீனவர் கூட்டத்தில் ஒரு விசைப்படகின் லாப நட்ட வரைபடத்தைத் திரையில் காட்டினார்கள். அதில் இருந்த தவறை நான் அன்றே சொல்லியிருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். சொன்னேன். "கணக்கு சரியாக இருக்கிறதல்லவா, கலர் அடிப்பதெல்லாம் கோலம் போடுகிறவர்கள் வேலை" என்று பதில் வந்தது, சபையும் சிரித்தது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

கூட்டத்துக்கு வராதவர்களுக்காக எண்களை முழு ஆயிரங்களாக்கிச் சொல்கிறேன். அந்த விசைப்படகுக்கு ஏப்ரலில் 30,000 ரூபாய் லாபம், மே மாதம் 60,000 நட்டம், ஜூனில் 20,000 நட்டம், ஜூலையில் 1,10,000 லாபம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகைக் கரையேற்றிப் பழுது பார்த்து, வர்ணம் பூசி, வட்டியும் கட்டும் மே மாதத்தில் வரவு ஏது? இது பாம்பனிலும் மண்டபத்திலும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆனால் திரையில் நான்கு மாதங்களுக்கும் நான்கு நீலப் பட்டைகள், நான்கும் மேல்நோக்கி நின்றன. பட்டைகள் புறப்படும் அடிக்கோட்டைப் பூஜ்யத்தில் வைக்காமல், மாதப் பெயர்கள் அடியில் அழகாக வர வேண்டும் என்பதற்காக, கழித்தல் 80,000இல் வைத்துவிட்டார்கள். விளைவைப் பாருங்கள். 60,000 நட்டப்பட்ட மே மாதத்துக்கு 20,000 அளவு உயரத்தில் ஒரு குட்டிப் பட்டை; 20,000 மட்டுமே நட்டப்பட்ட ஜூனுக்கு அதைப் போல மூன்று மடங்குப் பட்டை. ஏப்ரலைவிட ஜூலை லாபம் மூன்றரை மடங்குக்கும் மேல். படத்திலோ இரண்டு மடங்குகூட இல்லை. கடலின் அடித்தரையிலிருந்து அளந்தால் மூழ்கிய படகும் உயரமாகத்தான் தெரியும்.

எனவே முதலில் பூஜ்யக் கோடு, அதன் பிறகே நிறம். எக்செலில் செங்குத்து அச்சின் அமைப்பைத் திறந்து `Horizontal axis crosses` என்பதை `Automatic` என்று விட்டாலே போதும், அச்சின் எல்லைக்குள் பூஜ்யம் இருக்கும்வரை கோடு அங்கேயே வந்துவிடும். அதைச் சற்றுத் தடித்த கறுப்புக் கோடாக்கிவிட வேண்டும். மாதப் பெயர்கள் தொங்கும் பட்டைகளின் மேல் விழுகின்றன என்றால், அதற்காகக் கோட்டை இறக்கக் கூடாது. கிடைமட்ட அச்சில் `Label Position` என்பதை `Low` ஆக்கினால் பெயர்கள் மட்டும் அடியில் போய் நிற்கும். கோடு இருந்த இடத்திலேயே இருக்கும். இந்த ஒரு தேர்வு தெரியாததால்தான் ஒரு படகின் தடைக்கால நட்டமே காணாமல் போனது.

பிறகு நிறம். பட்டைகளின் நிரப்பலில் முதலில் `Solid fill`, அடுத்து `Invert if negative`. முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் போட்டால் நட்டப் பட்டை வெள்ளையாகி, தாளில் இல்லாததுபோலத் தோன்றும். வரிசைப்படி செய்தால் இரண்டாவது நிறத்துக்கான பெட்டி பக்கத்திலேயே வரும். அந்த வசதி இல்லாத மென்பொருளில், மாதக் கணக்கு B2 கட்டத்தில் தொடங்கினால், லாபத்துக்கு ஒரு நெடுவரிசையும் நட்டத்துக்கு ஒரு நெடுவரிசையும் வைத்து, அடுக்குப் பட்டையாக வரையலாம்:

```
=MAX(B2,0)
=MIN(B2,0)
```

"பட்டை கீழே தொங்கினாலே நட்டம் என்று தெரியுமே, நிறம் எதற்கு?" என்று கேட்பவர்கள், கடைசி வரிசையில் உட்கார்ந்து இருபத்துநான்கு மாதப் படத்தைப் பார்த்தவர்களாக இருக்க முடியாது. பூஜ்யத்தை ஒட்டிய சின்னப் பட்டை மேலே நிற்கிறதா கீழே தொங்குகிறதா என்பதை அங்கிருந்து நிறம்தான் சொல்லும். "நட்டத்துக்குச் சிவப்பு அடித்தால் வங்கிக்காரர் மிரளுவார்" என்பதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

ஒரு மறுப்பை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். சிவப்பும் பச்சையும் சிலருடைய கண்ணுக்குப் பிரிந்து தெரிவதில்லை. என் சித்தப்பா அப்படிப்பட்டவர். வலை மிதவைகளை நிறத்தால் அல்ல, கட்டிய முடிச்சால் அடையாளம் சொல்வார். ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் எடுத்தாலும் இரண்டும் ஒரே சாம்பலாகிவிடக்கூடும். அடர்நீலமும் வெளிர் ஆரஞ்சும் வைத்தால் இரண்டு சிக்கலும் தீரும். இரண்டு படகுகளை ஒப்பிடும்போது மட்டும், நிறத்தைப் படகுக்குக் கொடுப்பதா லாப நட்டத்துக்குக் கொடுப்பதா என்ற குழப்பம் வரும்; அப்போது ஒரே அளவுகோலில் இரண்டு தனிப் படங்களாக வரைவதே நல்லது.

"எண்களைப் பக்கத்தில் எழுதியிருந்தோமே" என்கிறீர்கள். அப்படியானால் படம் எதற்கு, எண்களையே வாசித்திருக்கலாமே? கூட்டத்தில் என் பக்கத்தில் இருந்த பெரியவர், "மே மாசமும் கொஞ்சம் தேறியிருக்கு போல" என்று மகிழ்ச்சியோடு சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. தடைக்கால நிவாரணத்தை உயர்த்தக் கோரும் மனுவோடு இதே படத்தை இணைக்கப் போகிறீர்கள். கடலுக்கே போகாத மாதத்தில் லாபம் பார்த்ததாக நாமே வரைந்து கொடுத்துவிட்டு, அதிகாரி நம் நட்டத்தைப் பார்க்கவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? மனு இன்னும் போகவில்லை என்று அறிகிறேன். கோப்பை அனுப்பினால், கோலம் போடுகிற நானே திருத்தித் தருகிறேன்.