மங்கு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

“மங்கு மேல்தோல் அழுக்குதான். எலுமிச்சைச் சாறு 15 நாள் தடவுங்க, வேரோடு போயிடும். வீட்டுக்குள்ளேயே இருக்கிறவங்களுக்கு சன்ஸ்கிரீன் வேண்டாம்.” இப்படிப் பலர் சொல்வதுண்டு.

தவறு. கன்னத்திலும் நெற்றியிலும் பழுப்பு, சாம்பல் நிறத்தில் படர்வது மெலனின் என்ற நிறமி. அதைச் சுரக்கும் செல்கள் அந்த இடத்தில் சீண்டப்பட்ட நிலையிலேயே இருக்கின்றன. கிரீம் நிறத்தை வெளுக்க வைக்கும். செல்லின் சுபாவத்தை மாற்றாது. கர்ப்பமும் கருத்தடை மாத்திரையும் அந்தச் செல்களைத் தூண்டலாம். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் அடித்தால் கொப்புளம் வந்து, ஆறும்போது இன்னும் கறுக்கலாம்.

வீட்டுக்குள் என்ற பேச்சுக்கு வருவோம். ஒரு பெண் மூன்று மாதம் மருந்து போட்டு மங்கு வெளுத்தது; நிறுத்தி, ஜன்னலோர மேசையில் தினமும் வேலை செய்தார். கோடைக்குள் பழைய இடத்திலேயே திரும்பிவிட்டது. ஜன்னல் கண்ணாடி, வெயிலின் புற ஊதாக் கதிர்களில் யூவிபி வகையைத்தான் தடுக்கிறது. யூவிஏ வகையில் பெரும்பகுதியும் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் உள்ளே வருகின்றன. நம்மைப் போன்ற மாநிறத் தோலை அந்த ஒளியே கறுக்க வைக்கும். நிறமற்ற சன்ஸ்கிரீன்கள் பெரும்பாலும் அதைத் தடுப்பதில்லை. அயர்ன் ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறச் சாயலுள்ள சன்ஸ்கிரீன் தடுக்கும். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் எடுக்க வேண்டும். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். பட்டாணி அளவு பூசிவிட்டு ‘பலனில்லை’ என்பவர்கள்தான் அதிகம்.

அப்புறம், மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த கிரீம். சில வாரங்களுக்கு என்று மருத்துவர் தருவதை மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, ரத்தக்குழாய்கள் தெரியத் தொடங்கும்.