அந்த இரவில் இரக்கம் இருந்ததே, என்ன செய்தது?

அண்ணன் மகள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். சென்ற மாதம் வேலூரில் பள்ளிகளுக்கு இடையே ஒரு விவாதப் போட்டி. தலைப்பு, ‘கூர்மதியை விட இரக்கமே மேலானது’. குலுக்கலில் அவளுக்கு ஆதரித்துப் பேசும் அணி விழுந்தது. நான்கு நிமிடம் பேச வேண்டும். பிறகு எதிரணியிலிருந்து ஒரு கேள்வி வரும், ஒரு நிமிடத்தில் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் எல்லோரும் “சுலபமான பக்கம் கிடைத்துவிட்டது” என்று மகிழ்ந்தார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. இரக்கம் நல்லது என்றால் யார் மறுக்கப்போகிறார்கள்? யாரும் மறுக்காததைப் பேசுகிறவர்கள்தான் மேடையில் சீக்கிரம் தோற்கிறார்கள்.

குடியாத்தம், காட்பாடிப் பக்கத்துப் பள்ளிகளில் நான்கைந்து முறை நடுவராக உட்கார்ந்தவன் நான். இந்த மாதிரித் தலைப்பு என்றால் பேச்சில் என்னென்ன வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். முதலில் ஹிரோஷிமா, நடுவில் அன்னை தெரசா, நம் ஊர் என்பதால் கடைசியில் ஐடா ஸ்கடர். அவள் எழுதிக் கொண்டுவந்த நான்கு பக்கத்திலும் இந்த மூன்று பேரும் அதே வரிசையில் இருந்தார்கள்.

ஹிரோஷிமாவை முதலில் அடித்தேன். அணுகுண்டைச் செய்தது அறிவு என்று நாம் சொன்னால், பெரியம்மைக்குத் தடுப்பூசி கண்டதும் அறிவுதான், அந்த நோயே 1980இல் உலகை விட்டு ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது என்று எதிரணி எழுந்து நிற்கும். கணக்கு நேராகிவிடும். அதோடு, கூர்மதி கெட்டது என்று தலைப்பு சொல்லவில்லை. எது மேல் என்றுதான் கேட்கிறது. தலைப்பில் இல்லாத ஒன்றை நிரூபிக்க நம் பிள்ளைகள் பாதி நேரத்தைத் தொலைக்கிறார்கள். தெரசா அம்மையாரைப் பற்றி அவளுக்குச் சொல்ல ஒரு வரிக்கு மேல் ஏதுமில்லை, ஆகவே அவரும் போனார்.

ஐடா ஸ்கடரில்தான் சிக்கல். கதை வேலூரில் எல்லோருக்கும் தெரியும். 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் பெற்றோருடன் தங்கியிருந்தபோது ஒரே இரவில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், மூன்றாமவர் இன்னொரு இந்துக் குடும்பத்தவர். மூன்று பேரின் மனைவியரும் பிரசவத்தில் தவித்துக்கொண்டிருந்தார்கள். ஐடாவின் தந்தை மருத்துவர், அதே வீட்டில்தான் இருந்தார். ஆனால் ஆண் மருத்துவரை உள்ளே விட முடியாது, நீங்கள் வாருங்கள் என்றார்கள். அவருக்கோ மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

அண்ணன் மகள் இதை உருகி உருகி எழுதியிருந்தாள். படித்து முடித்ததும் கேட்டேன்: “நான் எதிரணிப் பையன் என்று வைத்துக்கொள். அந்த இரவில் இரக்கம் இருந்ததே அம்மா, அது என்ன செய்தது? மூன்று உயிரும் போனது இரக்கம் இல்லாததாலா, மருத்துவம் தெரியாததாலா?”

அவள் முகம் வாடிவிட்டது. “அப்படியானால் இதையும் எடுத்துவிடலாமா சித்தப்பா?”

எடுக்க வேண்டாம் என்றேன். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இந்தக் கதையைச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். எல்லோரும் இரவோடு நிறுத்திக்கொள்வார்கள், அழுகை அங்கேதான் இருக்கிறது என்பதால். வாதம் இருப்பதோ மறுநாள் காலையில். அதுவரை ஐடாவுக்கு இந்தியாவில் தங்கும் எண்ணமே இல்லை. தாயின் உடல்நலம் சரியில்லை என்று வந்தவர், அமெரிக்காவுக்குத் திரும்பித் தன் வாழ்க்கையைப் பார்த்துக்கொள்ள நினைத்திருந்தவர். அந்தக் காலைக்குப் பிறகுதான் மருத்துவம் படிப்பதென்று முடிவெடுத்தார். 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900இல் வேலூருக்கு வந்து ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. மருத்துவம் படிக்கும் அளவுக்கான மூளை அவரிடம் முந்தின நாளும் இருந்ததே! அது கப்பலில் ஊர் திரும்பத்தான் திட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொன்னேன். தந்தையை இரக்கமற்றவராகக் காட்டிவிடாதே. அவர் போகத் தயாராகத்தான் இருந்தார், அழைத்துச் செல்லத்தான் யாரும் தயாராக இல்லை. கைதட்டலுக்காக உண்மையை வளைத்தால் விவரம் தெரிந்த ஒரு நடுவர் போதும், மொத்தப் பேச்சும் சரிந்துவிடும்.

அடுத்தது குறள். எதிரணி ‘அறிவுடையார் எல்லா முடையார்’ என்று தொடங்கும், இது நிச்சயம். பதிலுக்கு நாம் ‘அன்பிலார் எல்லாம் தமக்குரியர்’ என்று சொன்னால் ஆளுக்கொரு குறள் என்று முடிந்துவிடும். தலைப்பில் உள்ள சொல்லைப் பார்க்கச் சொன்னேன். அங்கே ‘அறிவு’ என்று இல்லை, ‘கூர்மதி’ என்று இருக்கிறது. வள்ளுவர் அறிவு என்று சொல்வது வெறும் கூர்மையை அல்ல. மனத்தைப் போன இடத்துக்கெல்லாம் விடாமல், தீமையிலிருந்து விலக்கி நல்லதன் பக்கம் செலுத்துவதே அறிவு என்று அதே அதிகாரத்தில் இலக்கணம் சொல்கிறார். அந்த அறிவில் நல்ல குணம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. ஆகவே அந்தக் குறளை எதிரணி தன் சொத்தாகக் கொண்டாட முடியாது. வெறும் கூர்மையைப் பற்றி அவர் பேசும் இடம் வேறு:

‘அரம்போலும் கூர்மைய ரேனும் மரம்போல்வர்
மக்கட்பண்பு இல்லா தவர்.’

“அரம் என்றால் என்ன சித்தப்பா?” என்றாள். கடைத்தெருவில் ரம்பத்துக்குப் பல் தீட்டும் ஒருவரிடம் அழைத்துப்போய்க் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தாள். இரும்பையே தேய்க்கும் கூர்மை உள்ளவரும் பண்பில்லாவிட்டால் ஓரறிவு உள்ள மரம்தான் என்கிறார் வள்ளுவர். கூர்மையை அவர் மறுக்கவில்லை, ஒப்புக்கொண்ட பிறகே மரம் என்கிறார். அவளுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது.

இன்னும் ஒரு ஓட்டை மீதி இருந்தது. இரக்கம் திசை காட்டும், சரி. ஆனால் இரக்கத்தால் புதிதாக ஏதாவது தெரியவருமா? கண்டுபிடிப்பதெல்லாம் மூளைதானே என்று ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கேட்டால்? அதற்கு பால் பிராண்டை எடுத்துக்கொண்டோம். 1946இல் வேலூர் வந்த அறுவை மருத்துவர் அவர். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனவர், விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தன் கையை நீட்டி, அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பிடி இறுகி அவருக்கே வலித்தது. செத்துவிட்டது என்று எல்லோரும் நினைத்த கைக்குள் முன்கைத் தசைகள் முழு வலுவோடு இருந்தன. நோய் சில நரம்புகளைத்தான் கெடுத்திருந்தது. அப்படியானால் நல்ல தசையின் தசைநாணை எடுத்து, செயலிழந்த விரலை இழுக்கும்படி மாற்றிப் பொருத்தலாம் அல்லவா? அந்த அறுவை சிகிச்சை வேலூரில்தான் வளர்ந்தது. கைகால்களைச் சீராக்கும் மருத்துவத்தில் மேதைகள் அதற்கு முன்பும் இருந்தார்கள். அந்தக் கைகளைத் தொட்டுப் பார்க்க அவர்கள் வரவில்லை.

நியாயமாகச் சொன்னால் இது முழு வெற்றி அல்ல. தொட்டது இரக்கம், தொட்டதும் புரிந்துகொண்டது பயிற்சி பெற்ற மூளை. அவளிடம் அதையும் சொன்னேன். ஒப்புக்கொள்ள வேண்டியதை நாமே முந்திக்கொண்டு ஒப்புக்கொண்டால் எதிரணிக்கு அடிக்க ஒன்றும் மிஞ்சாது.

கடைசியாக, புத்தகத்தில் இல்லாத, நீயே பார்த்த ஒன்று வேண்டும் என்றேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்தாள். அவள் எழுதிய பகுதியை அப்படியே தருகிறேன். ஒரு எழுத்துப்பிழையை மட்டும் திருத்தினேன்.

“நடுவர் அவர்களே, காட்பாடி ரயில் நிலையத்து வாசலில் ஒரு வங்காளக் குடும்பம் நின்றிருந்தது. கையில் எக்ஸ்ரே உறை. இரண்டு ஆட்டோக்காரர்கள் வந்தார்கள். இரண்டு பேருக்கும் நாலு வார்த்தை வங்காளம் தெரியும். ஒருவர் அந்த நாலு வார்த்தையை வைத்து மூன்று மடங்கு கட்டணம் பேசினார். மற்றவர் அதே நாலு வார்த்தையை வைத்து, பஸ் அங்கே நிற்கும், பெரியவருக்கு நடக்க முடியாவிட்டால் மட்டும் ஆட்டோ எடுங்கள் என்றார். மொழியறிவு இரண்டு பேருக்கும் ஒன்றுதான். எதிரணி நண்பர்களே, அந்தக் கூர்மதியைப் பாராட்டுங்கள், நானும் பாராட்டுகிறேன். அறுவை மேசையில் படுக்கும்போது எனக்கும் கைதேர்ந்த மருத்துவர்தான் வேண்டும். ஆனால் உங்கள் தாத்தா எக்ஸ்ரே உறையோடு ஊர் தெரியாத ஊரில் இறங்கும்போது, வாசலில் எந்த ஆட்டோக்காரர் நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வீர்கள்?”

எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் எழுதியிருந்தால் அந்த இடத்தில் ஒரு பழமொழியைச் செருகிக் கெடுத்திருப்பேன்.

போட்டியன்று பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நான்கு நிமிடத்துக்கு 20 நொடி முன்பே முடித்துவிட்டாள், பதற்றத்தில் வேகம் கூடிவிட்டது. அரம் குறளில் இரண்டாம் அடி ஒரு கணம் நழுவிப் பிறகு வந்தது. எதிரணியிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு பையன் எழுந்து, ஏறக்குறைய நான் கேட்ட அதே சொற்களில் கேட்டான்: “அந்த இரவில் இரக்கம் இருந்ததே, என்ன செய்தது?”

“அந்த இரவில் ஒன்றும் செய்யவில்லை,” என்றாள். அரங்கம் அமைதியானது. “மறுநாள் காலையில் ஒரு பெண்ணைப் படிக்க அனுப்பியது. நாம் இப்போது நிற்கும் ஊருக்கு அவரைத் திருப்பி அழைத்து வந்தது.” ஒரு நிமிடத்தில் பாதிகூட ஆகவில்லை, உட்கார்ந்துவிட்டாள். இன்னும் பேசியிருக்கலாம் என்று ஆசிரியர் பிறகு குறைப்பட்டுக்கொண்டார். பேசாததுதான் சரி என்பது என் கட்சி.

முதல் பரிசு அந்தக் கண்ணாடிப் பையனுக்குப் போனது. தகுதியான பையன், குரலும் நல்ல குரல். இவளுக்கு இரண்டாவது. திரும்பும் பஸ்ஸில் லத்தேரி வரை வாயே திறக்கவில்லை, கோபமாக இருக்கிறாள் என்று நானும் விட்டுவிட்டேன். கே.வி.குப்பம் நெருங்கும்போது திரும்பி, “அந்த இரண்டாவது ஆட்டோக்காரருக்கு வங்காளம் தெரியாமல் இருந்திருந்தால், அவருடைய இரக்கத்தை வைத்துக்கொண்டு அந்தத் தாத்தா என்ன செய்திருப்பார் சித்தப்பா?” என்றாள். குடியாத்தம் வந்து சேரும்வரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை.