ஒரு டி-சர்ட்டுக்கு நூறு கிராம் உப்பு

என் அம்மாயி ஊர் ஒரத்துப்பாளையம் அணைக்குப் பக்கம். சின்ன வயதில் லீவுக்குப் போனால் கிணற்றில் குதித்து ஆடுவோம், அதே தண்ணீரைக் கையில் அள்ளிக் குடிப்போம். சில வருஷம் கழித்துப் போனபோது அந்தத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை. மாமா வரப்பைக் கால் விரலால் கீறிக் காட்டினார். வெள்ளையாகப் பூத்திருந்தது. உப்பு.

அதே வருஷங்களில்தான் திருப்பூர் பனியன் ஏற்றுமதி கிடுகிடுவென ஏறியது. இன்று வருஷத்துக்கு 30 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். இதையும் வளர்ச்சி என்கிறோம், மக்கள் வாழ்க்கை மேலே வருவதையும் வளர்ச்சி என்கிறோம். உற்பத்தி கூடுவதை வளர்ச்சி என்றும், வாழ்க்கை உயர்வதை மேம்பாடு என்றும் பிரித்துச் சொல்லப் பாடப்புத்தகத்தில் வார்த்தை இருக்கிறது. பேச்சில் இரண்டும் கலந்துவிட்டது. அதனால் முதலாவது வந்தால் இரண்டாவதும் வந்துவிட்டதாக நம்பிவிடுகிறோம்.

உப்பு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பருத்தித் துணியில் சாயம் தானாக ஏறாது. தண்ணீரில் உப்பைக் கரைத்தால்தான் சாயம் நூலைப் போய்ப் பிடிக்கும். அடர்ந்த கலர் என்றால் லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை உப்புப் போடுவார்கள். ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் தண்ணீர் என்று வைத்தால்கூட அரை கிலோ உப்பு ஆகிறது. ஒரு கறுப்பு டி-சர்ட்டுக்கு நூறு கிராம். இதில் துணியோடு போவது ஒன்றுமில்லை. வேலை முடிந்ததும் உப்பு அத்தனையும் கழிவுத் தண்ணீரோடு வெளியே வந்துவிடும்.

ஆரம்பத்தில் கட்டிய சுத்திகரிப்பு நிலையங்களில் சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் போட்டு நிறத்தை எடுத்தார்கள். தண்ணீர் பார்க்கத் தெளிந்துவிடும். கரைந்த உப்பு அப்படியே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, டிடிஎஸ் மீட்டரை விட்டால்தான் தெரியும். அது திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றில் இறங்கி, 1992இல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் வந்து தேங்கியது. அணையைத் திறந்து விடுங்கள் என்று கேட்க வேண்டிய விவசாயிகள், திறக்காதீர்கள் என்று போராடினார்கள். இப்படி ஓர் அணையை வேறு எங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

சரி, இதெல்லாம் நாட்டின் உற்பத்திக் கணக்கில் எப்படி வந்தது? மாமா வீட்டை வைத்தே சொல்கிறேன். மஞ்சள் போடுவதை விட்டார். அந்த வருமானம் கணக்கிலிருந்து கழிந்தது, உண்மைதான். ஆனால் சாயப்பட்டறைகள் சேர்த்ததற்கு முன்னால் அது தூசு. கிணற்றுத் தண்ணீரை யாரும் விலைக்கு விற்றதில்லை, அதனால் அது இருந்தபோதும் கணக்கில் இல்லை, கெட்டபோதும் கழியவில்லை. அப்புறம் குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கினார்கள், அது கூடியது. மாட்டுக்கு லாரித் தண்ணீர், அதுவும் கூடியது. மாமா ஒரு பனியன் கம்பெனிக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போனார், அந்தச் சம்பளமும் கூடியது. வீட்டில் ஒவ்வொன்றாக இழந்தார்கள், கணக்கில் ஒவ்வொன்றாக ஏறியது.

சாய மெஷின் தேய்ந்தால் அதற்குத் தேய்மானம் எழுதுகிறார்கள், நிகர உற்பத்தியில் அதைக் கழிக்கவும் செய்கிறார்கள். கிணறு தேய்ந்ததற்கு எந்த வரியிலும் இடமில்லை. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

திருப்பூரைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. மழை பொய்த்த ஊர்களிலிருந்து வந்த எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட ஊர் அது. வாரக்கூலியை முதல்முதலாகத் தன் கையில் வாங்கிய பெண்கள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு. அது மேம்பாடுதான். அதன் விலையை ஆற்றின் கீழ்ப்பக்கம் இருந்தவர்கள் கட்டினார்கள் என்பதுதான் என் வருத்தம்.

2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே விடாத ஏற்பாடு செய்தால்தான் திறக்கலாம் என்றது. இப்போது சவ்வு வடிகட்டியில் தண்ணீரைப் பிரித்து, மிஞ்சியதைக் காய்ச்சி, உப்பைத் திரும்ப எடுத்து மறுபடியும் சாயத்துக்கே போடுகிறார்கள். செலவு அதிகம், கரண்டும் விறகும் நிறைய இழுக்கும், எடுக்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகச் சேர்கிறது. ஆனாலும் ஏற்றுமதி அதற்குப் பிறகும் ஏறியது. ஆற்றைக் கெடுத்தால்தான் தொழில் நடக்கும் என்று எங்களிடம் சொன்னது உண்மையில்லை. செலவை வேறு ஆள் தலையில் கட்ட முடிந்ததால் அதுவரை கட்டினார்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். வருஷா வருஷம் ஏற்றுமதிக் கணக்கை வெளியிடும்போது, நொய்யல் கரைக் கிணறுகளின் டிடிஎஸ் அளவையும் ஊர்ப் பெயரோடு பக்கத்திலேயே போடுங்கள்.

போன பொங்கலுக்கு மாமா தோட்டத்துக் கிணற்றில் நானே மீட்டரை விட்டுப் பார்த்தேன். 2,900 காட்டியது. குடிக்க 500க்குள் இருக்க வேண்டும். மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "முந்திக்குப் பரவாயில்ல கண்ணு" என்றார்.